எட்டுப் பேர் அணியில் பெயரை மறைப்பது: ஒரு 360 டிகிரி பின்னூட்டத்தின் நிகழ்வு ஆய்வு

ஒருவரை அவருக்கு மேலும் கீழும் பக்கத்திலும் வேலை செய்பவர்கள் எல்லோரும் மதிப்பிடுவதுதான் 360 டிகிரி பின்னூட்டம். அதை நடத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு விதியை நம்பியிருக்கின்றன. மேலாளர், சக பணியாளர், கீழே பணிபுரிபவர் என்று மதிப்பிடுபவர்களைப் பிரித்து, எந்தப் பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் வந்திருக்கிறதோ அந்தப் பிரிவின் மதிப்பெண்ணை மட்டும் அறிக்கையில் காட்டாமல் விடுவது. மேலாளர் ஒருவர்தான் என்பதால் அவர் பதிலுக்கு மறைவே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். ஐந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இந்த விதி ஓரளவு தாங்கும். ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே தேநீர்க் கடைக்குப் போய்வரும் எட்டுப் பேரிடம் தாங்காது. ஏன் தாங்காது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம், அப்படிச் செய்தும் எது கைநழுவிப் போகிறது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்வு இது. சம்பந்தப்பட்டவர்களின் இசைவோடுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் பம்பு உற்பத்தியாளர்களுக்கு இருப்புக் கணக்கும் பில்லிங்கும் பார்க்கும் மென்பொருள் செய்து தரும் நிறுவனம். பின்னூட்டம் பெற வேண்டியவர் ஓர் அணித் தலைவர். வேலையில் கெட்டிக்காரர், வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தமானவர். அவருக்கு மேல் ஒரு மேலாளர். அவரோடு சம நிலையில் மூன்று பேர்: விற்பனை, தரச் சோதனை, நிறுவல் ஆகிய வேலைகளைப் பார்ப்பவர்கள். அவருக்குக் கீழே நான்கு பேர்: இரண்டு நிரலாளர்கள், ஒரு வடிவமைப்பாளர், வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் உதவிப் பிரிவுப் பெண். மதிப்பிட வேண்டியவர்கள் ஆக மொத்தம் எட்டுப் பேர்.

முதல் சுற்றை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவே ஓர் இணையப் படிவத்தை வைத்து நடத்தியது. "உங்கள் பதில்கள் முற்றிலும் பெயரற்றவை" என்று படிவத்தின் தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். மேலாளர் பதில் தந்தார். சம நிலையில் இருந்த மூவரும் தந்தார்கள். கீழே இருந்த நால்வரில் இருவர் மட்டும் தந்தார்கள். மூன்றுக்குக் குறைவு என்பதால் அந்த இருவரின் மதிப்பெண் அறிக்கையில் வரவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி.

கோட்டுக்குப் பின்னால் இருந்த எண்கள்

பிறகு, அடுத்த சுற்றை நடத்த வெளியாளான என்னை அழைத்தபோது, அணித் தலைவர் அந்த அறிக்கையை மேசையில் விரித்து வைத்தார். "மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கிறார்" என்ற வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கணக்கு போடப்பட்டிருந்தது. கணினி வேலை செய்கிறவருக்கு அது ஒரு நிமிட வேலை.

அறிக்கையில் இருந்தவை இவை: மேலாளர் கொடுத்தது 4. சம நிலையினர் மூவரின் சராசரி 4. பதில் தந்த ஆறு பேரின் மொத்தச் சராசரி 3.5. மிகக் குறைந்த மதிப்பெண் 2. ஆறு பேருக்கு 3.5 என்றால் கூட்டுத்தொகை 21. அதில் மேலாளரின் 4 போகிறது, மூவரின் 12 போகிறது. மிச்சம் 5. அந்த ஐந்தை இரண்டு பேர் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள், யாரும் 2-க்குக் கீழே போகவில்லை என்றால், ஒருவர் 2, மற்றவர் 3. வேறு வழியே இல்லை. ஒரு பிரிவை மறைத்துவிட்டு மொத்தத்தை மட்டும் திறந்து வைத்தால், மறைத்தது கழித்தலில் வெளியே வந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற புள்ளிவிவர வேலைகளில் இது பழைய பாடம். ஒரு கட்டத்தை மறைத்தால் அதை மீட்டெடுக்க உதவும் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைப்பார்கள். அலுவலகப் படிவங்களில் அந்தக் கவனத்தைக் காண்பது அரிது.

அந்த இருவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கே வேண்டியிருக்கவில்லை. யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று பார்த்து நினைவூட்டுவதற்காக, பின்னூட்டம் பெறுபவரின் திரையிலேயே பெயர்ப் பட்டியல் இருந்தது. ஒரு நிரலாளருக்கும் உதவிப் பிரிவுப் பெண்ணுக்கும் நேராகப் பச்சைக் குறி விழுந்திருந்தது.

இதைவிட மோசமானது கருத்துப் பகுதி. அங்கே பிரிவே இல்லாமல் எல்லோருடைய வரிகளும் அப்படியே கொட்டிக் கிடந்தன. அதில் ஒன்று: "வெளியீட்டு நாள் இரவில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தபோது எங்களைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்." அன்றிரவு தொலைபேசியில் இருந்தவர் உதவிப் பிரிவுப் பெண். பச்சைக் குறியும் அவருக்கு இருந்தது. அணித் தலைவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணை வாடிக்கையாளர் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் அவர் சில வாரங்கள் இருந்தார்.

அந்த வரியை எழுதியவர் நிறுவல் வேலை பார்ப்பவர். அன்றிரவு அவர் வாடிக்கையாளரின் தொழிற்சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவரே போய் அணித் தலைவரிடம் சொன்னதால்தான் இது வெளியே வந்தது.

சிறிய அணியில் பெயரை மறைப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் அஞ்சுவது எழுதியவர் பிடிபடுவதைத்தான். எழுதாதவர் பிடிபடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெறுபவர் எப்படியும் ஊகிப்பார். அது மனித இயல்பு. ஊகிப்பதற்கு ஒரு சம்பவத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஊகிக்காதே என்று கேட்டுக்கொள்வதில் பயனில்லை.

பயன்படும் கருத்தில் உள்ள சிக்கல்

அப்படியானால் சம்பவங்களையெல்லாம் வெட்டிவிட்டால் போதுமா? அங்கேதான் முடிச்சு. நல்ல பின்னூட்டத்துக்கு அமெரிக்காவின் கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையம் பரப்பிய ஓர் இலக்கணம் உண்டு: எந்தச் சூழலில், என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். பெறுபவருக்கு அதுதான் உதவும். ஆனால் எட்டுப் பேர் அணியில் சூழலைச் சொன்ன மாத்திரத்தில் சொன்னவர் யார் என்பதும் சொன்னதாகிவிடுகிறது. சூழலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது "தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்திக்கொள்ளலாம்" என்ற ரகத்துச் சக்கை. அதைப் படித்துத் திருந்தியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

பெயரோடு எழுதச் சொல்லிவிட்டால் என்ன என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. டேவிட் அன்டோனியோனி 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது: பெயரோடு மதிப்பிட்ட பணியாளர்கள், பெயரின்றி மதிப்பிட்டவர்களைவிடத் தம் மேலாளர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். மேலாளர்களுக்கோ, பெயரோடு வந்ததுதான் பிடித்திருந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆகவே இரண்டாவது சுற்றை வேறு மாதிரி அமைத்தோம். மதிப்பெண்ணே வேண்டாம் என்பது முதல் முடிவு. மேலாளர் தவிர்த்த ஏழு பேரின் சராசரியில் ஒருவர் ஒரு புள்ளி மாற்றினாலே எண் 0.14 நகர்கிறது. அடுத்த ஆண்டு ஒருவர் விலகிப் போனால், இரண்டு ஆண்டுச் சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் அவர் என்ன கொடுத்தார் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடும். இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு அந்த எண் தரும் செய்தி மிகச் சொற்பம்.

சம நிலையினர், கீழே பணிபுரிபவர் என்ற பிரிவையும் கலைத்து ஏழு பேரையும் ஒரே கூட்டமாக்கினோம். இதில் ஓர் இழப்பு உண்டு: சம நிலையில் இருப்பவரிடம் ஒரு முகம், கீழே இருப்பவரிடம் ஒரு முகம் காட்டுகிறாரா என்பது தெரியாமல் போகும். தெரிந்தேதான் விட்டோம். மேலாளரின் கருத்து மட்டும் பெயரோடு தனியே வரும் என்று அவரிடமே சொன்னோம்.

படிவத்துக்குப் பதில் நேர்காணல். ஆளுக்கு நாற்பது நிமிடம், அலுவலகத்துக்கு வெளியே ஓர் அறையில், அகர வரிசைப்படி. பேச விருப்பமில்லாதவரும் வந்து அந்த நாற்பது நிமிடமும் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், தேநீர் உண்டு. யார் பேசினார், யார் பேசவில்லை என்பதை வாசலில் நின்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் சுற்றில் பச்சைக் குறி செய்த சேதத்துக்கு இது மாற்று.

உறுதிமொழியையும் மாற்றினோம். "யாருக்கும் தெரியாது" என்பது நேர்காணலில் பொய். எனக்குத் தெரியுமே. எனவே சொன்னது இது: நீங்கள் சொன்னது யார் சொன்னது என்று எனக்குத் தெரியும், உங்கள் பெயரும் நீங்கள் சொன்ன வாசகமும் என்னைத் தாண்டிப் போகாது, உங்கள் பேச்சிலிருந்து எடுத்த வரிகளை நீங்கள் படித்துச் சரி என்று சொன்ன பிறகே அணித் தலைவரிடம் போகும், அறிக்கை கொடுத்த வாரமே குறிப்புகளைக் கிழித்துவிடுவேன், சம்பள உயர்வுக்கு இது போகாது, மேலாளருக்கும் போகாது. கூடவே இன்னொன்றும்: பாலியல் தொல்லை போன்ற புகாருக்கு இந்த அறை இடமல்ல. அதற்குப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அங்கேதான் போக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஒருவர் மனம் திறந்து கொட்டிய பிறகு நாம் அதை "ஒருவர் மட்டும் சொன்னது" என்று ஒதுக்க நேரும். அது பெரிய துரோகம்.

ஒரு வரி எப்படி மாறியது

நேர்காணலில் கேட்டவை வழக்கமான கேள்விகள்தான். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டேன். இது எத்தனை தடவை நடந்தது? அப்போது வேறு யாரெல்லாம் இருந்தார்கள்? இரண்டாவது கேள்விதான் இந்த முறையின் அச்சாணி. ஆறு பேர் பார்த்த சம்பவத்தைச் சொன்னால் சொன்னவர் ஆறு பேருக்குள் ஒளிந்துகொள்ளலாம். தனியறையில் இருவருக்குள் நடந்ததைச் சொன்னால் ஒளிய இடமே இல்லை, அறிக்கையில் எத்தனை பேர் கலந்துகொண்டிருந்தாலும்.

ஒரு நிரலாளர் சொன்னது, ஏறக்குறைய அவர் வார்த்தையிலேயே: "போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விலைப்பட்டியல் திரையை மாற்றித் தரும்படி வாடிக்கையாளர் கேட்டார். ஒரு வாரமாவது ஆகும் என்று நான் சொல்லியிருந்தேன். சார் என்னிடம் கேட்காமலேயே திங்கட்கிழமை தருகிறோம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். சனி, ஞாயிறு இரண்டும் போயின. என் மகளின் பிறந்தநாளும் போயிற்று."

இதில் ஆளைக் காட்டிக்கொடுப்பவை எத்தனை என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை, விலைப்பட்டியல் திரை, ஒரு வாரம் என்ற மதிப்பீடு, பிறந்தநாள். இவற்றை நீக்கிவிட்டு "வாடிக்கையாளர்களிடம் வாக்குக் கொடுக்கும்போது நிதானம் தேவை" என்று எழுதலாம். பாதுகாப்பான வாக்கியம், ஆனால் அணித் தலைவர் அதைப் படித்துவிட்டு "நிதானமாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக் கடந்துவிடுவார்.

மற்றவர்களின் பதில்களோடு வைத்துப் பார்த்தபோது, இன்னும் மூன்று பேர் இதே நடத்தையை வெவ்வேறு நிகழ்ச்சிகளைக் கொண்டு சொல்லியிருந்தார்கள். விற்பனைக் கூட்டத்தில் ஒன்று, தொழிற்சாலையில் ஒன்று, தொலைபேசியில் ஒன்று. நான்கையும் சேர்த்து இறுதியில் எழுதியது:

"வாடிக்கையாளர் நேரில் கேட்கும்போது, வேலையைச் செய்யப்போகிறவரிடம் கேட்காமலே தேதி கொடுத்துவிடுகிறார். இது ஒரு தடவையோ ஒரே இடத்திலோ நடந்ததல்ல. தேதி போன பிறகு 'முடியாது' என்று சொல்ல அணியினர் தயங்குகிறார்கள்; விடுமுறை நாள் வேலை அப்படித்தான் வருகிறது. 'நாளை மதியத்துக்குள் தேதி சொல்கிறேன்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வந்து கேட்டாலே போதும் என்று விரும்புகிறார்கள்."

சூழல் இருக்கிறது, ஆனால் ஒரு நாளாக இல்லாமல், அடிக்கடி வரும் ஒரு வகையாக இருக்கிறது. செயலும் விளைவும் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோளும் இருக்கிறது. போனவை நாளும் திரையும் பிறந்தநாளும். பிறந்தநாளை எடுத்தது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கேட்கிறவரை அசைத்துப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான்.

பாராட்டுகளிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. "என் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது பத்து நாள் விடுப்பு கொடுத்து, ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று ஒருவர் நெகிழ்ந்து சொன்னார். நல்லதுதானே, அப்படியே போடலாமே என்று தோன்றும். போட்டால், பெறுபவர் அந்த நபரை "என்னைக் குறை சொல்லாதவர்" பட்டியலில் சேர்த்துவிடுவார். ஏழில் மூன்று பேர் பாராட்டில் அடையாளம் தெரிந்துவிட்டால், குறை சொன்னவர்களைத் தேட வேண்டிய கூட்டம் நாலாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் "வீட்டில் நெருக்கடி வரும்போது துணையாக நிற்கிறார்" என்று மட்டும் எழுதினேன். அதுவும் இரண்டு பேர் சொன்னது.

ஒருவர் மட்டும் சொன்னது

இரண்டு பேராவது தனித்தனியாகச் சொன்னால்தான் அறிக்கையில் வரும் என்பது விதி. இந்த விதி பெரும்பாலும் நியாயமாகவே வேலை செய்கிறது. தனிப்பட்ட வெறுப்பு தானாகவே வடிகட்டப்படுகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் மட்டுமே என்றால்?

மூன்றாவதாக வந்தவர் சொன்னார்: வாடிக்கையாளர் முன்னால் தான் பேசிக்கொண்டிருக்கும்போது அணித் தலைவர் இடைமறித்து, "அவர் சொல்ல வருவது என்னவென்றால்" என்று தானே முடித்துவிடுகிறார், வாடிக்கையாளர் அதன் பிறகு தன்னைப் பார்த்துப் பேசுவதேயில்லை. அதற்குப் பின் வந்த நால்வரிடமும் நான் ஒரு பொதுக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: வாடிக்கையாளர் கூட்டங்களில் யார் எவ்வளவு பேசுகிறீர்கள்? இடைமறிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை. அதில் இருவர், தங்களுக்கும் அப்படி நடக்கிறது என்று அவர்களாகவே சொன்னார்கள். மூன்று பேர் ஆகிவிட்டதால் வரி அறிக்கைக்குள் வந்தது.

இன்னொன்றுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. விடுப்புக் கொடுப்பதில் ஒருவருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று ஒருவர் வருந்தினார். வேறு எவரும் அதைத் தொடவில்லை. அவரிடம் மூன்று வழிகள் சொன்னேன்: நான் கூட உட்கார்ந்து தயார் செய்து தர அவரே நேரில் பேசுவது, மேலாளரிடம் போவது, விட்டுவிடுவது. அவர் விட்டுவிடுவதையே தேர்ந்தெடுத்தார். அணித் தலைவருக்கு அது இன்றுவரை தெரியாது. அவர் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயமாகக்கூட இருந்திருக்கலாம். பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது.

வரிகளை எழுதிய பிறகு, ஒவ்வொருவருக்கும் அவர் பேச்சிலிருந்து உருவான வரிகளை மட்டும் தாளில் காட்டினேன். "இதைப் படித்தால் உங்கள் நினைவு வருமா?" என்பதே கேள்வி. வெளியாள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அணிக்குள் புழங்கும் வழக்குகள் தெரியாது. ஒரு வரைவில் "தீயணைப்பு வேலை" என்ற சொல் இருந்தது. அதைச் சொன்னவர் சிரித்துவிட்டார்: "மேடம், இந்த வார்த்தையை அலுவலகத்தில் நான் ஒருவன்தான் சொல்வேன். எல்லோரும் கேலி செய்வார்கள்." சொல் போனது. இன்னொருவர் ஒரு வரியையே திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்றொருவர் இன்னும் அழுத்தமாக எழுதச் சொன்னார். அழுத்தம் கூடினால் அவர் குரல் தெரியும் என்று விளக்கியும் பரவாயில்லை என்றார். அது அவர் உரிமை. ஆனால் அந்த வரியில் இன்னும் இருவரின் பங்கு இருந்ததால் அதை மாற்றவில்லை.

அறிக்கை ஒரே பக்கம். ஐந்து வரித் தொகுதிகள். இரண்டு தொடர வேண்டியவை, மூன்று மாற வேண்டியவை. மின்னஞ்சலில் அனுப்பவில்லை, நேரில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். தேதி பற்றிய வரியைப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எதிர்பார்த்ததுதான்: "இது விலைப்பட்டியல் விவகாரமா?" நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லப் பழகிவிட்டால், அடுத்த ஊகத்துக்கு மௌனமாக இருப்பதே ஆம் ஆகிவிடும். அதற்குப் பதில், கடந்த மூன்று மாதத்தில் கேட்காமல் தேதி கொடுத்த சந்தர்ப்பங்களை அவரையே எழுதச் சொன்னேன். அவர் ஆறு எழுதினார். விலைப்பட்டியல் அதில் நான்காவதாக இருந்தது. ஆறு இருக்கும்போது யார் சொன்னார் என்ற கேள்வியின் வலு தானாகக் குறைந்துவிட்டது. வரி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: பெறுபவரால் அதற்கு ஒரே ஓர் உதாரணம்தான் சொல்ல முடிகிறது என்றால், அது பொதுவான வரி போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு சம்பவம்தான்.

அந்த வாரமே அவர் அணியைக் கூட்டி, கேட்ட மூன்று குறைகளையும் தன் வாயால் சொன்னார். தேதி விஷயத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வதாகவும், மறந்தால் யார் வேண்டுமானாலும் கூட்டத்திலேயே நினைவூட்டலாம் என்றும் சொன்னார். உதவிப் பிரிவுப் பெண் மறுபடி வாடிக்கையாளர் கூட்டங்களுக்குப் போகிறார். இடைமறிக்கும் பழக்கம் குறைந்ததா என்பதில் அணிக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது.

செலவையும் சொல்ல வேண்டும். ஒரே ஒருவருக்கான பின்னூட்டத்துக்கு நேர்காணல், எழுதுதல், சரிபார்த்தல், ஒப்படைத்தல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்று முழு வேலை நாள் ஆகிறது. நிறுவனத்தில் உள்ள எல்லா அணித் தலைவர்களுக்கும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. மதிப்பிடுபவர்கள் ஐந்து பேருக்குக் குறைந்துவிட்டால் நான் இந்த முறையை ஏற்பதில்லை. நான்கு பேரில் இருவர் சொன்னது என்றால் அது பாதி அணி. வகையாக எழுதினாலும் ஆள் தெரிந்துவிடும். அங்கே பெயரை மறைப்பதாக வாக்குக் கொடுக்காமல், எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தை வெளியாள் ஒருவர் நடத்தித் தருவதே நேர்மையான வழி. பேசினால் பழிவாங்குவார் என்று எல்லோரும் அஞ்சும் தலைவரிடம் அதுவும் எடுபடாது. அது பின்னூட்டத்தால் தீரும் விவகாரமல்ல, மேலாளர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அடுத்த ஆண்டு இந்த அணியில் இருவர் புதியவர்கள். பழைய குறிப்புகள் கிழிக்கப்பட்டுவிட்டதால் ஒப்பிட எதுவும் கையில் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு அதில் வருத்தம்.